எக்ஸ்சேஞ்ச் பசங்களை அசெம்பிளியில வரவேற்கிற பேச்சு: எல்லாருக்கும் புரியுற மாதிரி எப்படி எழுதுறது?

சாக்பீஸ் | ஜூலை 3, இரவு 9.40

எங்க ஸ்கூலுக்கு 11-ஆம் தேதி ஒரு எக்ஸ்சேஞ்ச் குரூப் வருது. 14 பசங்க, கூட ரெண்டு டீச்சர், மூணு வாரம் இருப்பாங்க, 9-ஆவது 10-ஆவது வகுப்புல நம்ம பசங்களோட உட்காரப் போறாங்க. அன்னைக்குக் காலை அசெம்பிளியில அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்காங்க. வரவேற்பு பேசப் போறது ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு, பக்கத்துலயே இன்னொரு பையன் நின்னு இங்கிலீஷ்ல சொல்லுவான். வர்றவங்களுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷும் அவங்க ஸ்கூல்ல படிச்ச இங்கிலீஷ்தான், வீட்டு மொழி கிடையாது.

அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்ததோட முதல் வாக்கியம் இது:

"கடல் கடந்து, கல்வி எனும் ஒளிவிளக்கை ஏந்தி, நம் பள்ளியின் வாசலில் வந்து நிற்கும் அன்புச் சகோதர சகோதரிகளைத் தலைமை ஆசிரியர் சார்பிலும், ஆசிரியப் பெருமக்கள் சார்பிலும், மாணவ மாணவியர் சார்பிலும் வருக வருக என இருகரம் கூப்பி வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்."

நல்லா எழுதுற பொண்ணு, உழைச்சு எழுதியிருக்கா. ஆனா ஆறாவது படிக்கிற பசங்ககிட்ட இதைப் படிச்சுக் காட்டி "யார் வர்றாங்க, எவ்வளவு நாள் இருப்பாங்க"ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சேன். என் கேள்வி ரெண்டு. எங்க 600 பசங்களுக்கும் வர்ற 14 பேருக்கும் ஒரே நேரத்துல புரியுற மாதிரி எப்படி எழுதுறது? இந்த அலங்காரத்தை எல்லாம் எடுத்துட்டா மரியாதை குறைஞ்ச மாதிரி ஆயிடுமா?

---

குரல்வளம் | ஜூலை 3, இரவு 10.15

எழுத்துல கை வைக்காதீங்க. மேடைப் பேச்சுன்னா அதுக்குன்னு ஒரு நடை வேணும். பேசுற பொண்ணை மெதுவா, சத்தமா, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திப் பேசச் சொல்லுங்க, எந்த மொழிக்காரனுக்கும் புரியும். நான் இருபது வருஷமா மேடை நிகழ்ச்சி தொகுத்துத் தர்றேன், மெதுவா பேசுனா கூட்டம் அமைதியா கேட்கும். இங்கிலீஷ் சொல்ற பையன்தான் அவங்களுக்கு இருக்கானே.

---

ஏழாவது பி அம்மா | ஜூலை 3, இரவு 10.32

வரவேற்புன்னா பேச்சை விட டான்ஸ்தான் மனசுல நிக்கும். என் பொண்ணு ஸ்கூல்ல போன தடவை குரூப் டான்ஸ் வச்சாங்க, வந்தவங்க எல்லாரும் வீடியோ எடுத்தாங்க. டிரெஸ் வாடகைக்கு எடுக்க ஒரு வாரம் முன்னாடியே சொல்லணும், மறந்துடாதீங்க.

---

பின்மேடை | ஜூலை 4, காலை 6.20

டான்ஸ் வேற நாள் வச்சுக்கலாம், கேட்டது பேச்சைப் பத்தி.

குரல்வளம் சொன்னதுல பாதி சரி. வேகம் முக்கியம்தான். ஆனா அந்த வாக்கியத்தை எவ்வளவு மெதுவா படிச்சாலும் பக்கத்துல நிக்கிற பையனால இங்கிலீஷ்ல சொல்ல முடியாது. ஏன்னு சொல்றேன். நம்ம வாக்கியத்துல வினைச்சொல் கடைசியிலதான் வரும். "அடைகிறோம்" வர்ற வரைக்கும் அந்தப் பையனுக்கு வாக்கியம் எங்க போகுதுன்னே தெரியாது. இங்கிலீஷ்ல யார், என்ன செய்யுறாங்கங்கிறதை மொதல்லயே சொல்லியாகணும். அப்ப அவன் மொத்தத்தையும் மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டு, கடைசி வார்த்தை வந்ததும் திருப்பிப் போட்டுக் கட்டணும். தொழிலா மொழிபெயர்க்கிறவங்களே கையில நோட்டு வச்சு எழுதிக்குவாங்க, பத்தாவது பையன் என்ன செய்வான்? "தே ஆர் வெல்கம்"னு மூணு வார்த்தையில முடிச்சிடுவான். பொண்ணு அரை நிமிஷம் பேசியிருப்பா, அவன் மூணு வார்த்தை சொல்லுவான், வந்த பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க. நம்மளைப் பத்தி என்னமோ சொன்னாங்க, நமக்கு மட்டும் சொல்லலன்னு நினைப்பாங்க. நான் இதை நேர்லயே பார்த்திருக்கேன்.

அதனால முதல் வேலை, வினைச்சொல்லைச் சீக்கிரம் வர வைக்கிறது. அதுக்கு ஒரே வழி வாக்கியத்தைச் சின்னதாக்குறதுதான். "வந்து நிற்கும்", "ஏந்தி", "கடந்து"ன்னு தொங்கிக்கிட்டு இருக்கிற ஒவ்வொண்ணையும் தனி வாக்கியமா நிறுத்துங்க, இல்லன்னா எடுத்துடுங்க. நான் சொல்ற அளவு இது: மூச்சு விடாம ஒரே தடவையில சொல்ல முடியுறது ஒரு வாக்கியம். ரெண்டு வாக்கியம் தமிழ், நிறுத்து, ரெண்டு வாக்கியம் இங்கிலீஷ். முழுத் தமிழும் முடிச்சிட்டு அப்புறம் முழு இங்கிலீஷ்னு வைக்காதீங்க, மொத பாதியில வந்தவங்க தலை குனிஞ்சு நிப்பாங்க, ரெண்டாவது பாதியில நம்ம பசங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க.

இங்கிலீஷ் பக்கத்தையும் அதே மாதிரி எளிமையா எழுதிக் கையில கொடுத்திடுங்க. அந்த இடத்துல யோசிச்சுச் சொல்ல விடாதீங்க. வர்றவங்களும் இங்கிலீஷைப் படிச்சுக் கத்துக்கிட்டவங்கங்கிறதால மரபுத்தொடர், ஜோக், பாட்டு வரி எதுவும் அதுல வேண்டாம்.

---

சாக்பீஸ் | ஜூலை 4, மாலை 5.05

ரெண்டு ரெண்டு வாக்கியமா மாத்திச் சொல்றது நல்ல யோசனை. அந்தப் பொண்ணும் நானும் லஞ்ச் நேரத்துல உட்கார்ந்தோம். மொதல்ல நான் அவகிட்ட கேட்டது, "இந்தப் பேச்சைக் கேட்டவங்க வெளிய போகும்போது எதை ஞாபகம் வச்சிருக்கணும்?" அவளே சொன்னா, நம்ம பசங்களுக்கு யார் வந்திருக்காங்க, எவ்வளவு நாள், அவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும். வந்தவங்களுக்கு, நீங்க வந்தது எங்களுக்குச் சந்தோஷம், அடுத்து நீங்க எங்க போகணும். இவ்வளவுதான் இருந்தது. அந்த ஒரு நீள வாக்கியத்துல இதுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு.

அப்புறம் அவ எழுதுனது:

"எல்லோருக்கும் வணக்கம். இன்று நம் பள்ளிக்குப் பதினான்கு மாணவர்கள் வந்திருக்கிறார்கள்.

அவர்களோடு இரண்டு ஆசிரியர்களும் வந்திருக்கிறார்கள். மூன்று வாரம் நம்மோடு இருப்பார்கள்.

அவர்கள் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிப்பார்கள். மதியம் நம்மோடு விளையாடுவார்கள்."

படிச்சுப் பார்த்தா நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குன்னு அவளுக்கு வருத்தம். எனக்கும் அந்த எண்ணம் வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா சத்தமா மைக்குல படிச்ச மாதிரி படிக்கச் சொன்னேன், அப்ப நோட்டீஸ் போர்டு மாதிரி இல்ல. பேசுற பொண்ணோட முகமும் குரலும் சேரும்போது அது வேற. கண்ணால படிக்கிறதுக்கும் காதால கேக்குறதுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும்னு நான் நினைக்கல.

மரியாதை கேள்வி இன்னும் நிக்குது. தலைமை ஆசிரியருக்கு "சார்பிலும் சார்பிலும்" இல்லன்னா எப்படின்னு ஒரு கேள்வி வரும்.

---

போய்வந்தவன் | ஜூலை 4, இரவு 11.20

நான் பதினாறு வயசுல ஒரு வருஷ எக்ஸ்சேஞ்ச்ல வெளிநாட்டு ஸ்கூல்ல படிச்சேன். அந்த மேடையில நின்ன அனுபவத்துல சொல்றேன், இது கொஞ்சம் நீளமா போகும்.

என்னை வரவேற்ற அன்னைக்கு அந்த நாட்டு மொழியில ரொம்ப நேரம் பேசுனாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா அது பெரிய கஷ்டமா இல்ல. கஷ்டமா இருந்தது, எப்ப சிரிக்கணும், எப்ப கை தட்டணும், எப்ப முன்னாடி போகணும்னு தெரியாதது. எல்லாரும் தட்டுன பிறகு நான் தட்டுவேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு உட்காருவேன். ஆயிரம் பேர் என்னைப் பார்க்குறாங்கன்னு காது சூடாகும். என் கூட வந்த டீச்சரையே ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டு நின்னேன், அவங்க நகர்ந்தா நானும் நகர்வேன்.

அதனால சாக்பீஸ், பேச்சு புரியுதா இல்லையான்னு தெரியணும்னா அவங்க முகத்தைப் பார்க்காதீங்க, முகம் எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருக்கும், நாங்க எல்லாரும் மரியாதைக்குச் சிரிப்போம். கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க. பேசுறவங்களைப் பார்த்தா புரியுது. பக்கத்துல நிக்கிறவனைப் பார்த்தா புரியல. கைதட்டு ஒரு நொடி தள்ளி வந்தா புரியல.

இன்னொண்ணு, "மெதுவா, சத்தமா, ஒவ்வொரு வார்த்தையா"ங்கிறது கேக்குறவனுக்கு அவமானமா இருக்கும். என்கிட்ட அப்படித்தான் ஒரு சார் பேசுவாரு, நல்ல மனுஷன்தான், ஆனா எனக்குக் காது கேட்காதுன்னு நினைக்கிற மாதிரி பேசுவாரு. அதுவும் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்துனா வாக்கியத்தோட ஓட்டம் உடைஞ்சு போய் இன்னும் புரியாது, எந்த வார்த்தை எதோட சேருதுன்னே பிடிபடாது. வார்த்தைக்கு நடுவுல நிறுத்தாம வாக்கியத்துக்கு நடுவுல நிறுத்துறவங்க பேசுனாதான் எனக்குப் புரிஞ்சது. வாக்கியத்துக்குள்ள சாதாரண வேகம், முடிஞ்சதும் ஒரு மூச்சு நேரம்.

---

குரல்வளம் | ஜூலை 5, காலை 7.10

போய்வந்தவன் சொல்றது வெளிநாட்டு அனுபவம், ஒத்துக்கிறேன், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்துறதை வாபஸ் வாங்குறேன். ஆனா சத்தம் வேணும். திறந்த மைதானத்துல பின்னாடி நிக்கிற பசங்களுக்குக் கேட்கணும்ல.

---

ஸ்பீக்கர்பொட்டி | ஜூலை 5, காலை 9.45

பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு மைக்செட் போடுறவன் நான். சத்தம் கூட்டுனா கேட்கும்னு எல்லாரும் நினைக்கிறீங்க. மைதானத்தைச் சுத்திக் கட்டடம் இருந்தா சத்தம் சுவர்ல அடிச்சுத் திரும்பி வரும். ஒலி ஒரு நொடியில 340 மீட்டர் சுமாருக்குப் போகும். சுவர் 50 மீட்டர் தள்ளி இருந்தா, போயிட்டு வர 100 மீட்டர், கிட்டத்தட்ட 0.3 நொடி கழிச்சு அதே வார்த்தை மறுபடி வரும், அதுக்குள்ள நீங்க அடுத்த வார்த்தைக்குப் போயிருப்பீங்க, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். வால்யூம் ஏத்துனா எதிரொலியும் சேர்ந்துதான் ஏறும். தாய்மொழி ஆளுங்க விட்டுப்போன எழுத்தை மனசுலயே நிரப்பிக்குவாங்க, புதுசா வந்தவங்களால அது முடியாது.

வழி என்னன்னா, ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூரத்துக்கு வீசாம ரெண்டு மூணு சின்னதைக் கூட்டத்துக்குப் பக்கத்துல வைக்கிறது, ஒவ்வொரு வாக்கியமும் முடிஞ்சதும் நிறுத்துறது, மைக்கை வாய்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்கு மேல விடாம வச்சுக்கிறது. வந்தவங்க நிக்கிற இடம் ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கக் கூடாது, இதைத்தான் பாதி ஸ்கூல்ல கவனிக்க மாட்டாங்க, மேடையில நிக்க வச்சிடுவாங்க, ஸ்பீக்கர் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும், மேடையில நிக்கிறவங்களுக்குக் குழம்பலாத்தான் கேட்கும். மேடையைப் பார்த்து ஒரு சின்ன ஸ்பீக்கர் வைங்க.

---

சாக்பீஸ் | ஜூலை 5, இரவு 8.30

எங்க மேடை அப்படியேதான் இருக்கு, ஸ்பீக்கர் ரெண்டும் கூட்டத்தைப் பார்த்து. நாளைக்கே பேசுறேன்.

இப்ப பேர் பிரச்சினை. பேர் லிஸ்ட் வந்திருக்கு, 14 பேரு. ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி அறிமுகப்படுத்தணும்னு ஹெச்எம் சொல்றாரு. அந்தப் பொண்ணு லிஸ்டைப் பார்த்துட்டு பயந்துட்டா. நாலஞ்சு பேரை எப்படி உச்சரிக்கிறதுன்னே தெரியல. பேர் சொல்லாம "நம் விருந்தினர்கள்"னு மட்டும் சொல்லி முடிச்சிடலாமான்னு தோணுது.

---

பின்மேடை | ஜூலை 5, இரவு 10.50

விட்டுடாதீங்க. பேச்சுல ஒவ்வொரு மாணவனுக்கும் தனியா சேர்றது அவனோட பேர் மட்டும்தான். மத்ததெல்லாம் குழுவுக்கு.

மொதல்ல லிஸ்ட் எங்க இருந்து வந்ததுன்னு பாருங்க. பாஸ்போர்ட்டைப் பார்த்து டைப் பண்ணியிருந்தா ரெண்டு தொல்லை இருக்கும். ஒண்ணு, வரிசை. ஜப்பான், கொரியா, சீனா, ஹங்கேரி மாதிரி நாடுகள்ல குடும்பப் பேரு முன்னாடி வரும், கூப்பிடுற பேரு பின்னாடி. ஸ்பானிஷ் பேசுற நாடுகள்ல பெரும்பாலும் குடும்பப் பேரு ரெண்டு இருக்கும், கடைசி வார்த்தையைப் பிடிச்சுக் கூப்பிட்டா அது அம்மா வழிப் பேரா இருக்க வாய்ப்பு அதிகம். இந்தோனேசியாவுல ஒரே பேரு மட்டும் வச்சிருக்கிறவங்க நிறைய பேர். ஐஸ்லாந்துல பெரும்பாலும் பின்னாடி வர்றது அப்பாவோட பேருல இருந்து வந்தது, அங்க எல்லாரையும் முதல் பேர்லதான் கூப்பிடுவாங்க. ரெண்டாவது தொல்லை, பாஸ்போர்ட்டுல அடியில மெஷின் படிக்கிற வரிகள் இருக்கும், அதுல பேருக்கு வெறும் 26 ஆங்கில எழுத்துதான் உண்டு. எழுத்துக்கு மேல புள்ளி, கோடு, குறுக்குக் கோடு எல்லாம் காணாமப் போயிருக்கும். அதைப் பார்த்து உச்சரிச்சா அந்தப் பையனே அது தன் பேருன்னு தெரியாம நிப்பான்.

அதனால அவங்க கூட வர்ற டீச்சருக்கு இப்பவே மெயில் போடுங்க, ரெண்டே கேள்வி. ஒவ்வொரு மாணவனும் எந்தப் பேர்ல கூப்பிடப்பட விரும்புறான்? அந்தப் பேரைத் தானே ரெண்டு தடவை சொல்லி, ஒரு தடவை சாதாரணமா, ஒரு தடவை மெதுவா, போன்ல வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி அனுப்ப முடியுமா? அனுப்புவாங்க, பசங்களுக்கு அது பிடிக்கும். வந்ததைக் கேட்டு அந்தப் பொண்ணு தன் காதுக்கு எப்படி விழுதோ அப்படித் தன் கையாலயே தமிழ்ல எழுதிக்கட்டும். நம்ம எழுத்துல 'ப' ஒண்ணுதான், அழுத்திச் சொல்றதா மென்மையா சொல்றதான்னு எழுத்தே காட்டாது, அதனால அழுத்தி வர்ற எழுத்துக்குக் கீழ கோடு போட்டுக்கச் சொல்லுங்க. யாரோ எழுதிக் கொடுத்ததை அவ படிச்சா தடுமாறுவா. அவளே கேட்டு அவளே எழுதுனா நாக்கு அதுக்குப் பழகிடும்.

---

சாக்பீஸ் | ஜூலை 6, இரவு 7.15

மெயில் போட்டாச்சு. பதில் வந்தா எழுதுறேன்.

நேரம் கணக்குப் போட்டேன். பேரு ஒண்ணுக்கு எட்டு நொடி, பேரு சொல்லி, அந்தப் பையன் ஒரு அடி முன்னாடி வந்து, திரும்பிப் போகிற வரைக்கும். 14 பேருக்கு 112 நொடி, ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா ஒவ்வொரு பேருக்கும் கைதட்டுனா அஞ்சு நொடி கூடும், 70 நொடி, மொத்தம் மூணு நிமிஷத்தைத் தாண்டிடும். அஞ்சு நிமிஷத்துல மூணு நிமிஷம் பேருக்கே போயிடும். அது மட்டும் இல்ல, மொத நாலு பேருக்கு பலமா தட்டுவாங்க, பத்தாவது ஆளுக்குக் கை ஓய்ஞ்சு போயிடும், கடைசி ஆள் என்ன நினைப்பான். அதனால "எல்லாப் பேரும் சொல்லி முடிச்ச பிறகு ஒண்ணா கை தட்டுவோம்"னு முன்னாடியே சொல்லச் சொல்லியிருக்கேன். ரெண்டு டீச்சர் பேரும் கடைசியில, அதுக்கும் சேர்த்து ஒரே தட்டு.

---

ஏழாவது பி அம்மா | ஜூலை 6, இரவு 8.02

வீட்ல தங்க வைக்கிற குடும்பம் யாருன்னும் மேடையில சொல்லுங்க, அவங்களும் பெருமைப்படுவாங்க. எந்தப் பையன் எந்த வீட்ல, எந்தத் தெருன்னு சொன்னா பக்கத்துல இருக்கிற பசங்களும் பார்த்துக்கலாம்.

---

பின்மேடை | ஜூலை 6, இரவு 8.40

அது வேண்டவே வேண்டாம். அடுத்தவங்க பிள்ளைங்க, வயசு வராதவங்க. எந்த வீட்ல தங்குறாங்க, என்ன சாப்பிட மாட்டாங்க, உடம்புக்கு என்ன, சாமி கும்பிடுவாங்களா, இது எதுவும் மைக்குல போகக் கூடாது. தங்க வைக்கிற குடும்பங்களுக்கு மொத்தமா ஒரு நன்றி சொன்னா போதும். போட்டோவும் அப்படித்தான், அவங்க வீட்ல எழுதிக் கொடுத்த சம்மதத்துல ஸ்கூல் பக்கத்துல போடலாமா கூடாதான்னு இருக்கும், அதைப் பார்த்துட்டுத்தான் போடணும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். அவங்க நாட்டைப் பத்தி நாலு வரி தகவல் சேர்க்கணும்னு யாராவது சொல்லுவாங்க. நான் அதை எடுத்துடுவேன். அந்த நாட்டைப் பத்தி நம்ம பசங்க அவங்ககிட்டயே கேட்டுக்கட்டும், மூணு வாரம் இருக்கு. குழுவுல ஒருத்தர் ரெண்டு பேர் வேற நாட்டுல பொறந்து அங்க வந்து குடியேறினவங்களா இருக்கலாம், அப்ப நீங்க "இந்த நாட்டு மக்கள் இப்படி"ன்னு சொல்றது அவங்களுக்குப் பொருந்தாது.

---

ஏழாவது பி அம்மா | ஜூலை 6, இரவு 9.00

சரிங்க, தெரு சொல்றது தப்புன்னு இப்ப புரியுது. என் பொண்ணை யாராவது அப்படிச் சொன்னா நானே சண்டைக்குப் போவேன்.

---

போய்வந்தவன் | ஜூலை 7, காலை 12.15

பேரை வேற யாரோ படிக்கிறதை விட அவங்களையே சொல்ல விடலாமே. மைக்கை வரிசையா கொடுத்து, "என் பேரு இது"ன்னு ஒரே வாக்கியம். உச்சரிப்புப் பிரச்சினையே வராது. நம்ம பசங்களும் சரியான உச்சரிப்பை அவங்க வாயாலயே கேட்பாங்க.

---

குரல்வளம் | ஜூலை 7, காலை 6.50

இதுல எனக்கு நிஜமாவே அனுபவம் இருக்கு, அதனால சொல்றேன். மைக் கை மாறும்போது ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நொடி போகும், ஒருத்தன் வாய்ல ஒட்டிப் பேசுவான், ஒருத்தன் தூரமா பிடிப்பான், ஒண்ணு காதைக் கிழிக்கும், இன்னொண்ணு கேட்காது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை ஒண்ணு இருந்தா போதும், 600 பேர் முன்னாடி வாயே திறக்காது. பயணக் களைப்பு வேற. மேடைக்குப் பழகாத பிள்ளைங்களை மொத நாளே மைக் பிடிக்க வைக்காதீங்க.

---

ஸ்பீக்கர்பொட்டி | ஜூலை 7, காலை 8.00

ஸ்டாண்டுல மைக்கை நிறுத்திட்டு ஒவ்வொருத்தரா முன்னாடி வந்தா கை மாறுற பிரச்சினை இல்ல. ஆனா உயரம் ஆளுக்கு ஆள் மாறும், அதுக்கு நான் பக்கத்துல நிக்கணும்.

---

போய்வந்தவன் | ஜூலை 7, இரவு 10.05

கூச்சப்படுற பிள்ளைக்கு வேண்டாம்னு சொல்ல உரிமை கொடுத்தா போதும்ல. நான் கூச்சப்படுறவன்தான், ஆனா என் பேரை நானே சொல்லியிருந்தா அந்த வருஷம் முழுக்க எல்லாரும் என்னைத் தப்பான பேர்ல கூப்பிட்டிருக்க மாட்டாங்க. மொத நாள் மேடையில என் பேரைத் தப்பா சொன்னாங்க, அப்புறம் திருத்த எனக்குத் தைரியம் வரல. அதையே பழகிக்கிட்டேன்.

---

பின்மேடை | ஜூலை 8, காலை 6.05

ரெண்டு பக்கமும் சரிதான், எனக்கே இதுல முடிவு இல்ல. நான் பெரும்பாலும் பேரைப் படிக்க வைப்பேன், வாய்ஸ் ரெக்கார்ட் இருக்கிறதால. போய்வந்தவன் சொன்ன வேதனைக்கு ஒரு வழி, பேச்சுலயே நம்ம பசங்களுக்கு ஒரு வரி: "பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றால் அவர்களிடமே கேளுங்கள்." திருத்துற பொறுப்பு வந்தவங்க மேல இருந்து நம்ம பசங்க மேல மாறிடும்.

பேர் படிக்கிறதுல ஒரு ஆபத்து, வரிசை. யாராவது ஒருத்தர் உடம்பு சரியில்லாம வரலன்னா அடுத்து வர்ற எல்லாப் பேரும் ஒரு ஆள் தள்ளிப் போயிடும், ஒருத்தன் பேருக்கு இன்னொருத்தன் முன்னாடி வருவான். அதனால பேப்பர்ல வரிசையா எழுதாதீங்க. ஒரு பேருக்கு ஒரு அட்டை, அசெம்பிளிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி அவங்க வரிசையில நின்ன பிறகு, அந்தப் பொண்ணே போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரைச் சொல்லி "சரியா?"ன்னு கேட்டு, அட்டையை நிக்கிற வரிசைப்படி அடுக்கிக்கட்டும். வராதவங்க அட்டை அப்பவே வெளிய போயிடும். இந்தப் பத்து நிமிஷத்துல அவளுக்கும் அவங்களுக்கும் அறிமுகமும் ஆயிடும், மேடையில கூப்பிடும்போது தெரிஞ்ச முகமா இருக்கும்.

---

சாக்பீஸ் | ஜூலை 9, இரவு 9.20

ரெக்கார்டிங் வந்துடுச்சு. 14 பேரும் அனுப்பியிருக்காங்க. லிஸ்டுல இருந்த பேருக்கும் அவங்க சொல்ற பேருக்கும் மூணு பேர்கிட்ட சம்பந்தமே இல்ல, சுருக்கி வேற பேர்ல கூப்பிடுவாங்களாம். அந்தப் பொண்ணு ராத்திரி எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா, இன்னைக்கு என்கிட்ட கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிக் காட்டுனா.

மரியாதை விஷயம் இப்படி முடிச்சோம். தலைமை ஆசிரியர் தனக்குன்னு ஒரு வாக்கியம் தானே சொல்றேன்னுட்டாரு, அப்ப "சார்பிலும்" தேவையில்லாம போச்சு. மரியாதை, பேச்சு மொழியில இல்லாம, எழுத்துத் தமிழ்ல சின்னச் சின்னதா பேசுறதுலயே வந்துடுது. "வந்திருக்காங்க"ன்னு சொல்லாம "வந்திருக்கிறார்கள்"னு சொல்றா, அதுலயே மேடைக்கு வேண்டிய நிமிர்வு இருக்கு, ஆறாவது பையனுக்கும் புரியுது. புரியுதான்னு பார்க்க ஆறாவது வகுப்புல நாலு பேரைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டி என்ன கேட்டீங்கன்னு சொல்லச் சொன்னேன். மூணு பேரு எண்ணிக்கையும் வாரமும் சரியா சொன்னாங்க. ஒருத்தன் "எதுக்கு மேடம் வர்றாங்க?"ன்னு கேட்டான். அது பேச்சுல இல்லவே இல்ல! "நாம் எப்படிப் படிக்கிறோம் என்று பார்க்க வந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு நம் மாணவர்கள் அவர்கள் பள்ளிக்குப் போவார்கள்"னு ரெண்டு வாக்கியம் சேர்த்தோம்.

வந்தவங்களைப் பார்த்துச் சொல்ற பகுதி இப்ப இப்படி இருக்கு:

"நண்பர்களே, உங்களை வரவேற்கிறோம். நீங்கள் வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி.

கூட்டம் முடிந்ததும் இங்கேயே நில்லுங்கள். பச்சைப் பட்டை அணிந்த மாணவர்கள் உங்களிடம் வருவார்கள்.

அவர்கள் உங்களை வகுப்புக்கு அழைத்துப் போவார்கள். எதுவும் புரியவில்லை என்றால் அவர்களைக் கேளுங்கள்."

---

போய்வந்தவன் | ஜூலை 9, இரவு 11.40

"இங்கேயே நில்லுங்கள்" வரி நல்லா இருக்கு. அதைச் சொல்லும்போது அந்தப் பொண்ணு கையால இடத்தைக் காட்டட்டும். பச்சைப் பட்டை பசங்க கையைத் தூக்கிக் காட்டட்டும். கண்ணுக்குத் தெரிஞ்சுட்டா மொழி பாதி வேலைதான் செய்யணும்.

---

சாக்பீஸ் | ஜூலை 11, மாலை 4.50

முடிஞ்சுது. ஒரு பையன் காய்ச்சல்னு வரல, அட்டையை எடுத்துட்டோம், வரிசை குழம்பல. பேரு எல்லாம் சொன்னா, ஒரு பேருல மட்டும் நாக்கு நின்னுச்சு, அந்தப் பொண்ணு திரும்பி அந்த மாணவியைப் பார்த்தா, அவ சிரிச்சுக்கிட்டே மெதுவா சொன்னா, இவ திருப்பிச் சொன்னா, அதுக்குத்தான் கூட்டம் சொல்லாமலே கை தட்டிடுச்சு. ஒண்ணா தட்டணும்னு போட்ட திட்டம் அங்க உடைஞ்சுது, எனக்கு வருத்தம் இல்ல.

இங்கிலீஷ் சொன்ன பையன் ரெண்டாவது பத்தியில வேகமா போயிட்டான், பதட்டம். அப்ப வந்தவங்க கண்ணு அவங்க டீச்சர் பக்கம் போனதை நான் பார்த்தேன், போய்வந்தவன் சொன்ன மாதிரியே. நான் கீழ இருந்து கையைத் தாழ்த்திக் காட்டுனேன், நிதானத்துக்கு வந்துட்டான். "இங்கேயே நில்லுங்கள்" வரியில 13 பேரும் நேரா பச்சைப் பட்டையைத்தான் பார்த்தாங்க.

மேடையைப் பார்த்து வச்ச சின்ன ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர்பொட்டிக்கு நன்றி. மொத்தம் ஆறு நிமிஷம் ஆச்சு, ஹெச்எம் ஒண்ணும் சொல்லல.

---

குரல்வளம் | ஜூலை 11, இரவு 8.15

கைதட்டு எப்ப வரும்னு யாராலும் எழுதி வைக்க முடியாது, சந்தோஷம். காய்ச்சல்ல படுத்த பையனை எப்ப அறிமுகப்படுத்தப் போறீங்க? மறுபடி அசெம்பிளியில தனியா கூப்பிட்டா அவன் ஒருத்தனுக்கு மட்டும் 600 கண்ணு.

---

பின்மேடை | ஜூலை 11, இரவு 9.30

அவன்கிட்டயே கேளுங்க. வகுப்புல மட்டும் போதும்னு சொல்லலாம், இல்ல அசெம்பிளியிலதான் வேணும்னும் சொல்லலாம், மத்த 13 பேருக்கும் கிடைச்சது தனக்கு மட்டும் கிடைக்கலன்னு இருக்கும்ல. அசெம்பிளின்னா கூட ரெண்டு நண்பர்களை அவன் பக்கத்துல நிக்க வைங்க.

---

சாக்பீஸ் | ஜூலை 13, காலை 7.30

கேட்டாச்சு. அசெம்பிளியில வேணுமாம், ஆனா பேரை அவனே மைக்குல சொல்றேங்கிறான். நாளைக்குக் காலையில.